போன் அமைதி, வாட்ச் மட்டும் அதிர்கிறது: டிரைவிங் ஃபோகஸ் போட்டும் இப்படி ஏன்?

மாறன்_செ

ஐபோனில், ஓட்டும்போது அறிவிப்புகளை அடக்கி வைக்கும் டிரைவிங் ஃபோகஸ் போட்டு வைத்திருக்கிறேன். காரின் புளூடூத்தோடு இணைந்ததும் அதுவாகவே ஆன் ஆகிறது. போன் சத்தமே போடுவதில்லை. ஆனால் கையில் இருக்கும் ஆப்பிள் வாட்ச் மட்டும் விடுவதாக இல்லை. குரூப்பில் யாரோ ஏதோ அனுப்பினால் மணிக்கட்டில் ஒரு தட்டு. என்னையறியாமல் கண் அங்கே போய்விடுகிறது. அதைவிடப் பெரிய தொல்லை, அடுத்த வளைவில் திரும்பச் சொல்லி மேப்ஸ் தட்டுவதும் இந்தத் தட்டும் கலந்துவிடுகின்றன. எது எதுவென்று தெரிந்துகொள்ளவாவது பார்க்க வேண்டியிருக்கிறது.

வாட்சைக் கழற்றி வைப்பதுதான் ஒரே வழியா? வழிகாட்டல் தட்டு மட்டும் எனக்கு வேண்டும், மற்றதெல்லாம் வேண்டாம்.

பாண்டி_ரைடர்

இதற்குப் போய் இவ்வளவு கவலையா அண்ணே? போனை எடுத்துப் பார்ப்பதோடு ஒப்பிட்டால் வாட்ச் எவ்வளவோ மேல். கை ஸ்டீயரிங்கிலேயே இருக்கிறது, ஒரு நொடி பார்த்தால் போதும். சட்டமும் கையில் பிடித்த போனைத்தான் சொல்கிறது. வாட்ச் கையில் கட்டியது, பிடித்தது இல்லை.

இளவழுதி

சட்டம், நொடிக்கணக்கு எல்லாம் அப்புறம் பேசலாம். முதலில் மாறன் கேட்டதைப் பார்ப்போம்.

மாறன், இரண்டு விஷயம் சொல்லுங்கள். ஒன்று, ஓட்டும்போது வாட்ச் முகப்பின் மேல் ஓரத்தில் சின்னதாக ஒரு கார் படம் தெரிகிறதா? வண்டியை ஓரமாக நிறுத்திப் பார்த்துச் சொன்னால் போதும். இரண்டு, போன் எங்கே இருக்கிறது? ஸ்டாண்டில் மேப் ஓடிக்கொண்டிருக்கிறதா, அல்லது பையில் பூட்டிக் கிடக்கிறதா?

இரண்டாவது கேள்விக்குக் காரணம் உண்டு. ஐபோன் திறந்திருந்தால் அறிவிப்பு போனுக்குத்தான் போகும். போன் பூட்டியோ திரை அணைந்தோ இருந்தால், பூட்டாமல் கையில் கட்டியிருக்கும் வாட்சுக்குப் போகும். அதாவது ஒழுங்காகப் போனைப் பைக்குள் போட்டுவிட்டு ஓட்டுகிறவருக்குத்தான் மணிக்கட்டில் தட்டு அதிகம் விழும். கேட்க வேடிக்கையாக இருந்தாலும் அது அப்படித்தான் வேலை செய்கிறது.

மாறன்_செ

போன் பைக்குள்தான் சார். வழி தெரியாத இடமென்றால் கிளம்பும்போதே மேப்ஸைப் போட்டுவிட்டு உள்ளே வைத்துவிடுவேன். கார் படத்தை இப்போதுதான் நிறுத்திப் பார்த்தேன். வாட்சில் எதுவும் இல்லை. போனில் மட்டும் Driving என்று இருக்கிறது.

இளவழுதி

அப்படியானால் சங்கதி அங்கேதான். போனில் ஆன் ஆன ஃபோகஸ் வாட்சுக்குப் போய்ச் சேரவில்லை. போனில் இருக்கும் Watch செயலியைத் திறந்து General, அதற்குள் Focus, அங்கே Mirror my iPhone என்று இருப்பதை ஆன் செய்யுங்கள். முன்பு எப்போதாவது இரவில் வாட்சை மட்டும் தனியாக அமைதியாக்க நினைத்து இதை அணைத்திருப்பீர்கள், அப்படியே நின்றிருக்கும்.

ஆன் செய்ததும் உடனே ரோட்டில் சோதிக்க வேண்டாம். வண்டி நின்ற இடத்திலேயே செய்யலாம். கண்ட்ரோல் சென்டரில் Focus-ஐ அழுத்தி Driving-ஐக் கையால் ஆன் செய்யுங்கள். வாட்சில் கார் படம் வருகிறதா பாருங்கள். வந்ததும் போனைப் பூட்டிவிட்டு, பக்கத்தில் இருப்பவரை ஒரு செய்தி அனுப்பச் சொல்லுங்கள். அப்புறம் வேறு செயலியிலிருந்து ஒன்று. கடைசியாக ஒரு அழைப்பு. மூன்றில் எது கையைத் தட்டுகிறது என்று சொல்லுங்கள்.

தேன்மொழி_வ

எனக்கும் இதே பிரச்சினைதான், ஆனால் நேர்மாறாக! நான் வண்டியே ஓட்டுவதில்லை. பஸ்ஸில் போகும்போதெல்லாம் போன் நான் ஓட்டுவதாக நினைத்துக்கொண்டு எல்லாவற்றையும் அடக்கிவிடுகிறது. வீட்டில் கூப்பிட்டால் தெரிவதே இல்லை. இதை எப்படி நிறுத்துவது?

இளவழுதி

தேன்மொழி, உங்களுடையது வேறு கதை, ஆனால் சுலபம். Settings, Focus, Driving, அதற்குள் While Driving என்ற பகுதியில் Automatically என்று இருக்கும். அப்படி இருந்தால் அசைவை வைத்துத்தான் போன் ஊகிக்கிறது. ஸ்டீயரிங் பிடித்தவர் யார், ஜன்னலோரம் உட்கார்ந்தவர் யார் என்று அதற்குத் தெரியாது. Manually என்று மாற்றிவிடுங்கள். ஓட்டுகிறவர்கள் When Connected to Car Bluetooth என்று வைத்துக்கொள்வது நல்லது. நண்பர் வண்டியில் பக்கத்து இருக்கையில் போகும்போது தொல்லை இருக்காது.

தேன்மொழி_வ

சரியாகிவிட்டது, நன்றிங்க.

மாறன்_செ

Mirror அணைந்துதான் இருந்தது சார். ஆன் செய்ததும் கார் படம் வந்துவிட்டது. சோதனையில் செய்தி தட்டவில்லை. ஆனால் காலண்டர் நினைவூட்டல் தட்டியது. அழைப்பும் மணிக்கட்டில் அதிர்ந்தது. காரின் ஸ்பீக்கரிலும் ஒலித்தது, கையிலும் அதிர்ந்தது. இன்னும் ஏதோ மிச்சம் இருக்கிறது போல.

இளவழுதி

இரண்டுக்கும் தனித்தனிக் காரணம்.

காலண்டர் வந்தது Time Sensitive Notifications என்ற வாசல் வழியாக. டிரைவிங் ஃபோகஸின் Apps பகுதியில் அது ஆனாக இருந்தால், ஒரு செயலி தன் அறிவிப்பை அவசரம் என்று குறித்து அனுப்பும்போது தடை தாண்டி வந்துவிடும். எது அவசரம் என்று முடிவு செய்வது அந்தச் செயலிதான், நீங்கள் இல்லை. அணைத்துவிடுங்கள். அதே இடத்தில் அனுமதித்த செயலிகளின் பட்டியலும் இருக்கும். முன்பு ஏதாவது சேர்த்திருந்தால் நீக்கிவிடுங்கள்.

அழைப்பு கோளாறு இல்லை, வடிவமைப்பே அப்படி. போன் கார் புளூடூத்தோடு இணைந்திருந்தால், கையைப் பயன்படுத்தாமல் பேச வசதி இருக்கிறது என்று கருதி டிரைவிங் ஃபோகஸ் அழைப்புகளை உள்ளே விடுகிறது. விடும்போது வாட்சும் சேர்ந்து அதிர்கிறது. இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அதிர்ந்ததும் பழக்கத்தில் வாட்சில் பச்சைப் பொத்தானைத் தொட்டுவிட்டால், பேச்சு காரில் வராது, வாட்சின் குட்டி ஸ்பீக்கரில் வரும். அப்புறம் மணிக்கட்டை வாயருகே தூக்கிக்கொண்டு பேசுவீர்கள். அழைப்பை எடுப்பதென்றால் ஸ்டீயரிங்கில் இருக்கும் பொத்தானில்தான் எடுக்க வேண்டும்.

அழைப்பு அதிர்வே வேண்டாமென்றால் Watch செயலியில் Phone, Custom என்று போய் Ringtone-இன் Haptic-ஐ அணைக்கலாம். ஆனால் அது வண்டியை விட்டு இறங்கிய பிறகும் அணைந்தே இருக்கும். நான் அதைச் செய்யவில்லை. உங்களுக்கு வரும் அழைப்பைப் பொறுத்து முடிவு செய்யுங்கள்.

இவ்வளவு மெனக்கெடுவது எதற்கு என்றால், ஓட்டும்போது மணிக்கட்டில் விழும் தட்டுக்கு ஒரே ஒரு பொருள்தான் இருக்க வேண்டும், திருப்பம் வருகிறது என்று. அப்படி ஆகிவிட்டால் தட்டு விழுந்ததும் கண்ணாடியைப் பார்ப்பீர்கள், இண்டிகேட்டர் போடுவீர்கள். வாட்சைப் பார்க்க வேண்டிய காரணமே இருக்காது. பத்தில் ஒன்று வேறு ஏதோவாக இருந்தாலும் போதும், ஒவ்வொரு தட்டுக்கும் கண் போகும்.

பாண்டி_ரைடர்

இதெல்லாம் சரி சார். ஆனால் என் கேள்வி அப்படியே இருக்கிறதே. ஒரு நொடி பார்ப்பதில் என்ன? ஸ்பீடோமீட்டரைப் பார்ப்பதில்லையா?

சகாயம்_பயிற்றுநர்

நான் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன், பாண்டி தம்பிக்கு நானே சொல்கிறேன். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருப்பதால் இதை அடிக்கடி பார்க்கிறேன்.

ஸ்பீடோமீட்டர் சாலைக்குச் சற்றுக் கீழே, நேர் எதிரே இருக்கிறது. முள் எங்கே நிற்கிறது என்று பார்த்ததும் வேலை முடிந்தது. வாட்ச் அப்படி இல்லை. கடிகார முள் ஒன்பதிலும் மூன்றிலும் நிற்கிற மாதிரி இரண்டு கையையும் ஸ்டீயரிங்கில் வைத்துப் பாருங்கள். இடது மணிக்கட்டில் கட்டிய வாட்சின் முகம் உங்களைப் பார்க்காது, வெளிப்பக்கம் பார்க்கும். அதைப் பார்க்க மணிக்கட்டைத் திருப்ப வேண்டும். பிடியை விடாமல் திருப்பினால் சக்கரமும் கொஞ்சம் திரும்பும். பிடியை விட்டால் ஒற்றைக் கை. புதிதாகக் கற்கிறவர்களின் வண்டி தடத்துக்குள் லேசாக நெளிவதை அந்த நேரத்தில் பக்கத்திலிருந்தே உணரலாம்.

கையைத் திருப்பியதும் திரை விழிக்க வேண்டும். ஆப்பிள் வாட்சில் செய்தி வந்தால் முதலில் செயலியின் படமும் பெயரும், அனுப்பியவர் பெயரும் மட்டும் தெரியும். கையை அப்படியே வைத்திருந்தால்தான் முழுச் செய்தி விரியும். விரிந்தது நீளமாக இருந்தால் வாட்சின் பக்கவாட்டில் இருக்கும் கிரவுன் குமிழை உருட்ட வேண்டும், அதற்கு இன்னொரு கை. ஒரு நொடி என்று ஆரம்பித்தது எங்கே போய் நிற்கிறது பார்த்தீர்களா? பாதியில் நிறுத்திவிட மனசும் வராது, யார் அனுப்பியது என்று தெரிந்துவிட்டதே, என்ன அனுப்பினார் என்று தெரிய வேண்டாமா!

கணக்கும் சொல்கிறேன். மணிக்கு 60 கிலோமீட்டரில் போனால் ஒரு நொடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர். இரண்டு நொடியில் 33 மீட்டர். அமெரிக்காவின் சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்.எச்.டி.எஸ்.ஏ 2013-இல் வண்டிக்குள் இருக்கும் திரைகளுக்கு ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. ஒரு பார்வை 2 நொடிக்குள், ஒரு வேலைக்கான பார்வைகள் எல்லாம் சேர்ந்து 12 நொடிக்குள் முடிய வேண்டும் என்பது அதன் அளவுகோல். 2 என்ற எண் சும்மா வரவில்லை. வர்ஜீனியா டெக் நிறுவனம் நூறு கார்களில் கேமரா பொருத்தி, மக்கள் அன்றாடம் ஓட்டுவதைப் பதிவு செய்து ஆராய்ந்தது. சாலையை விட்டுக் கண் 2 நொடிக்கு மேல் விலகினால் விபத்தோ, நூலிழையில் தப்பிப்பதோ நடக்கும் அபாயம் குறைந்தது இரண்டு மடங்காகிறது என்று 2006-இல் வெளிவந்த அதன் அறிக்கையில் இருக்கிறது.

திருப்பத்துக்கு எத்தனை மீட்டர் என்று பார்ப்பது அந்த 2 நொடிக்குள் முடியலாம். செய்தி படிப்பது முடியாது. பார்க்கக்கூடியதையும் படிக்கக்கூடாததையும் நான் பிரிப்பது இப்படித்தான்.

சட்டம் என்றீர்கள். ஊருக்கு ஊர் வேறு, உங்கள் ஊர்ச் சட்டத்தை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் கையில் கட்டியது தப்பிக்கும் என்று நம்பி இருக்காதீர்கள். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் குவெல்ஃப் நகரத்து வழக்கு ஒன்றில் 2018-இல் இதே வாதம் வந்தது. சிவப்பு விளக்கில் நின்றிருந்தவர் ஆப்பிள் வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தார், பச்சை விழுந்தும் வண்டி நகரவில்லை. நேரம்தான் பார்த்தேன் என்றார். நீதிமன்றம் ஏற்கவில்லை. தகவல் அனுப்பவும் பெறவும் முடிகிற கருவிதானே என்று சொல்லி 400 டாலர் அபராதம் போட்டது.

பாண்டி_ரைடர்

சரி சார், படிப்பது வேறு, பார்ப்பது வேறு என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் மணிக்கட்டைத் திருப்புவதுதான் பிரச்சினை என்றால் வாட்சை உள்பக்கமாகக் கட்டிக்கொள்ளலாமே? பைக்கில் நான் அப்படித்தான் கட்டுகிறேன். திருப்பாமலே தெரியும்.

சகாயம்_பயிற்றுநர்

திருப்பும் வேலை குறையும், மறுக்கவில்லை. ஆனால் பார்க்க வசதி கூடக்கூடப் பார்ப்பதும் கூடும் என்பது என் பயம்.

பாண்டி_ரைடர்

அந்தக் கணக்கில் எதையுமே வசதியாக வைக்கக் கூடாது சார். ஸ்பீடோமீட்டரையும் சீட்டுக்கு அடியில் வைத்துவிடலாம். :)

கலை_எ

எல்லோரும் ஆப்பிளையே பேசுகிறீர்கள். என்னிடம் ஆண்ட்ராய்டு போனும் ஒரு சாதாரண ஃபிட்னஸ் பேண்டும்தான். போனில் டிரைவிங் மோடு வந்ததும் Do Not Disturb ஆன் ஆகிறது, போன் அடங்கிவிடுகிறது. பேண்டு மட்டும் எல்லாவற்றுக்கும் துடிக்கிறது. Mirror மாதிரி எதையும் அதில் காணோம்.

இளவழுதி

பேண்டில் கதையே வேறு கலை. போனில் வரும் அறிவிப்புகளைப் படிக்க அந்தப் பேண்டின் செயலிக்கு அனுமதி கொடுத்திருப்பீர்கள், முதல் தடவை இணைத்தபோது கேட்டிருக்கும். Do Not Disturb வந்தாலும் அறிவிப்பு வருவது நிற்பதில்லை. வந்தது சத்தம் போடாமல், திரையில் எட்டிப் பார்க்காமல் இருக்கிறது, அவ்வளவுதான். பேண்டின் செயலி அதைப் படித்து அப்படியே கைக்குத் தள்ளிவிடுகிறது. போன் தன் பங்குக்கு அமைதியாகத்தான் இருக்கிறது.

சில செயலிகளில் போனின் Do Not Disturb-ஐப் பின்பற்றும்படி ஒரு தேர்வு இருக்கும், பேண்டின் Notifications பகுதியில் தேடிப் பாருங்கள். கூகுளின் வேர் ஓஎஸ்ஸில் ஓடும் வாட்சுகளில், பிக்சல் ஆகட்டும் கேலக்ஸி ஆகட்டும், போனோடு Do Not Disturb-ஐ ஒத்திசைக்கும் வசதி உண்டு. அதை ஆன் செய்தால் மாறனுக்கு நடந்தது மாதிரி தீர்ந்துவிடும். ஐபோனோடு வேறு கம்பெனி வாட்சைக் கட்டுகிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். போன் அடக்கி வைத்த அறிவிப்பைக் கையில் அதிரவிடுவதும் விடாததும் அந்தந்த வாட்சைப் பொறுத்தது. சோதித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

கலை_எ

தேடிப் பார்த்துவிட்டேன், என் பேண்டில் அப்படி எதுவும் இல்லை. பேண்டிலேயே தனியாக ஒரு Do Not Disturb இருக்கிறது, வண்டியில் ஏறும்போதெல்லாம் அதைத் தள்ளி ஆன் செய்ய வேண்டும். ஏறும்போது ஞாபகம் வரும். இறங்கும்போது அணைக்க மறந்தால் நாள் முழுக்க எந்த அழைப்பும் தெரியாது. பேசாமல் கழற்றிப் பையில் போட்டுக்கொள்கிறேன்.

இளவழுதி

உங்களுக்கு அதுதான் சரி.

அம்மா_நிலவரசி

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பிள்ளை இருக்கிறவர்கள் எல்லாவற்றையும் அடைத்துவிட முடியுமா? பள்ளியிலிருந்து கூப்பிட்டால்? நான் வாட்ச் கட்டுவதே அதற்காகத்தான்.

இளவழுதி

முழுக்க அடைக்க வேண்டியதில்லை மேடம். கார் புளூடூத் இருந்தால் அழைப்பு எப்படியும் வரும். இல்லாத வண்டியில் போனால், டிரைவிங் ஃபோகஸின் People பகுதியில் பள்ளி எண்ணையும் வீட்டு எண்ணையும் சேர்த்து, அழைப்பை மட்டும் அனுமதிக்கலாம். Allow Repeated Calls என்று ஒன்றும் உண்டு. ஒரே எண் 3 நிமிடத்துக்குள் இரண்டாம் தடவை கூப்பிட்டால் உள்ளே விடும். நிஜமாகவே அவசரமென்றால் யாரும் ஒரு தடவையோடு விடுவதில்லை.

செய்திக்கு Auto-Reply இருக்கிறது. நான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன் என்று அதுவே பதில் அனுப்பும். அந்தப் பக்கத்தில் இருப்பவர் urgent என்று பதில் போட்டால் அவருடைய செய்தி தடை தாண்டி வரும். அதை ஆங்கில எழுத்தில்தான் போட வேண்டும், வீட்டில் முன்பே சொல்லி வையுங்கள். இது போனின் Messages-க்கு மட்டும்தான். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பதிலும் போகாது, urgent-உம் வேலை செய்யாது. இதை நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

அம்மா_நிலவரசி

எங்கள் பள்ளிச் செய்தி எல்லாமே வாட்ஸ்அப்பில்தான். அப்போது இரண்டு தடவை கூப்பிடச் சொல்வதுதான் வழி. சரி, அதையே சொல்லி வைக்கிறேன். ஒரு சந்தேகம், இதையெல்லாம் போட்டால் விபத்து நடந்தால் தானாகக் கூப்பிடும் வசதி போய்விடுமா?

இளவழுதி

போகாது. விபத்தைக் கண்டறியும் வசதி அறிவிப்பு வகையறாவே இல்லை, ஃபோகஸ் அதைத் தொடாது. சீரிஸ் 8 முதலான வாட்சுகளில் இருக்கிறது. அலாரமும் அப்படித்தான், வாட்சில் ஃபோகஸ் ஆனாக இருந்தாலும் அடிக்கும். இதயத் துடிப்பு எச்சரிக்கையும் வரும்.

மாறன்_செ

ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டேன். Mirror ஆன், Time Sensitive அணைப்பு, அனுமதிப் பட்டியல் காலி. இப்போது செய்தியோ காலண்டரோ எதுவும் தட்டுவதில்லை. அழைப்பு மட்டும் அதிர்கிறது, அதைக் கண்டுகொள்வதில்லை, ஸ்டீயரிங் பொத்தான்தான்.

மேப்ஸ் தட்டு வருகிறது. ஆனால் முதல் நாள் வரவில்லை. Watch செயலியில் Maps என்று போனால் Driving, Driving with CarPlay என்று தனித்தனியாக இருக்கிறது. Driving அணைந்து கிடந்தது. போனைக் காரின் திரையோடு இணைக்கும் கார்ப்ளே உள்ளவர்கள் அந்த இரண்டாவதைப் பாருங்கள்.

நேற்று ஆப்பிளுடையது அல்லாத வேறொரு மேப் செயலியைப் போட்டேன். அதில் தட்டே இல்லை!

இளவழுதி

அது தன் திருப்பங்களைச் சாதாரண அறிவிப்பாக அனுப்புகிறதென்றால் ஃபோகஸ் அதையும் மற்றதோடு சேர்த்து அடைத்துவிடும். Apps பட்டியலில் அந்த ஒரு செயலியை மட்டும் சேர்த்துப் பாருங்கள். ஆனால் அதே செயலி விளம்பரம், மதிப்பீடு என்று வேறு எதையாவது அனுப்பினாலும் வரும், கவனம்.

மாறன்_செ

சேர்த்துவிட்டேன், தட்டுகிறது. இடமா வலமா என்றுதான் தட்டை வைத்துத் தெரியவில்லை. ஆப்பிள் மேப்ஸில் இரண்டுக்கும் வேறு வேறு தட்டு இருக்கிறது என்கிறார்கள். உண்மையைச் சொன்னால் எனக்கு அதிலும் பிடிபடவில்லை. தட்டு விழுந்ததும் காரின் ஸ்பீக்கரில் குரல் எந்தப் பக்கம் என்று சொல்கிறது, அது போதும்.

இன்னொன்று. இரவில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் கையைத் தூக்கியதாக நினைத்துத் திரை பளிச்சென்று எரிகிறது. அதற்கு ஏதாவது உண்டா?

சகாயம்_பயிற்றுநர்

தியேட்டர் மோடு போடுங்கள் தம்பி, கண்ட்ரோல் சென்டரில் இரண்டு முகமூடி படம் இருக்கும். தொட்டாலோ பொத்தானை அழுத்தினாலோ ஒழியத் திரை எரியாது, தட்டு வந்துகொண்டிருக்கும். கிளம்பும் முன் போட்டுக்கொள்ள வேண்டும், அது ஒன்றுதான்.

பாண்டி_ரைடர்

இதை நானும் போட்டுப் பார்க்கிறேன். ஆனால் பைக்கில் இந்தத் தட்டு எதுவுமே தெரிவதில்லை. ஹேண்டில் அதிர்வு ஒரு பக்கம், ஜாக்கெட் கை ஒரு பக்கம். ஹெல்மெட் இண்டர்காமும் கார் புளூடூத் இல்லை, அதனால் ஃபோகஸும் தானாக ஆன் ஆவதில்லை.

இளவழுதி

இரண்டாவதற்கு வழி இருக்கிறது. Shortcuts செயலியில் Automation, அதில் Bluetooth என்று எடுத்து இண்டர்காமைத் தேர்ந்தெடுங்கள். அது இணைந்ததும் Set Focus வழியாக Driving ஆன் ஆகட்டும். Run Immediately என்று வைக்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு தடவையும் உங்களிடம் கேட்டுக்கொண்டு நிற்கும். அணைப்பதற்கும் ஒரு வழி செய்துகொள்ளுங்கள், இறங்கிய பிறகும் ஆனிலேயே இருந்தால் கலை சொன்ன கதைதான்.

முதலாவதற்கு Watch செயலியில் Sounds & Haptics போய் Prominent என்று மாற்றிப் பாருங்கள். தட்டுக்கு முன்னால் கூடுதலாக ஒரு அதிர்வு வரும். ஜாக்கெட்டுக்குள் அது போதுமா என்று எனக்கு அனுபவம் இல்லை, நான் பைக் ஓட்டுவதில்லை.

பாண்டி_ரைடர்

போட்டேன் சார். மெதுவாகப் போகும்போது தெரிகிறது. வேகம் கூடினால் காணாமல் போய்விடுகிறது. இண்டர்காமில் குரலை மட்டும் வைத்துக்கொண்டேன். வாட்ச் இப்போது ஜாக்கெட் கைக்குள்ளேயே கிடக்கிறது. உள்பக்கமாகத்தான் கட்டியிருக்கிறேன், சகாயம் சார் கோபித்துக்கொள்ள வேண்டாம்.